கிஃப்ட் நிஃப்டி 150 புள்ளி மேலே என்றால், எதற்கு மேலே?

காலை எட்டரை மணிக்கு எந்த வணிகச் சேனலைப் போட்டாலும் திரையின் ஓரத்தில் அந்த எண் இருக்கும்: கிஃப்ட் நிஃப்டி 150 புள்ளி உயர்வு. அதைப் பார்த்ததும் வாட்ச்லிஸ்டில் இருக்கும் பங்கெல்லாம் பச்சையில் திறக்கப்போகிறது என்று மனசு முடிவு கட்டிவிடும். ஒன்பதே கால் ஆகும்போது நிஃப்டி நாற்பது புள்ளியிலோ எழுபது புள்ளியிலோ நிற்கும். "கிஃப்ட் நிஃப்டி ஏமாற்றிவிட்டது" என்று திட்டுவார்கள். அது ஏமாற்றவில்லை. 150 என்ற எண்ணைக் கணக்கிட்டபோது எதிலிருந்து எதைக் கழித்தார்கள் என்பதில்தான் தவறு இருக்கிறது.

கிஃப்ட் நிஃப்டி என்பது நிஃப்டி 50 குறியீட்டின் மீதான ஃப்யூச்சர்ஸ் ஒப்பந்தம். குஜராத்தின் காந்திநகர் பக்கத்தில் இருக்கும் கிஃப்ட் சிட்டியில், என்எஸ்இ இன்டர்நேஷனல் எக்ஸ்சேஞ்சில், டாலரில் வர்த்தகமாகிறது. 2023 ஜூலை 3க்கு முன்பு வரை இதே வேலையைச் சிங்கப்பூரில் எஸ்ஜிஎக்ஸ் நிஃப்டி செய்துகொண்டிருந்தது. பழைய ஆட்கள் இன்னும் அந்தப் பெயரைத்தான் சொல்வார்கள். இந்தியாவில் வசிக்கும் சாதாரண முதலீட்டாளர் இதில் வாங்கவோ விற்கவோ முடியாது. வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான். ஆனால் வெளிநாட்டு நிதி நிறுவனங்கள் தங்கள் இந்திய முதலீட்டுக்கு இரவில் காப்பு எடுக்கும் இடம் இது. அதனால்தான் மும்பை தூங்கும் நேரத்தில் இங்கே விலை நகர்கிறது.

நேரம் இப்படி: முதல் அமர்வு காலை 6:30 முதல் மாலை 3:40 வரை. இரண்டாவது அமர்வு மாலை 4:35 முதல் நள்ளிரவு தாண்டி 2:45 வரை. நம் ரொக்கச் சந்தை 3:30க்கு மூடி மறுநாள் 9:15க்குத் திறக்கிறது. இடைப்பட்ட பதினெட்டு மணி நேரத்தில் பெரும்பகுதி கிஃப்ட் நிஃப்டி ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடாத இடைவெளிகளில் முக்கியமானது அதிகாலை 2:45 முதல் 6:30 வரை. அமெரிக்காவில் கோடைநேரம் நடக்கும் மாதங்களில் நியூயார்க் சந்தை நம் நேரப்படி 1:30க்கு மூடும். அதற்குப் பிறகு வரும் நிறுவன முடிவுகளை வாங்கிக்கொள்ள கிஃப்ட் நிஃப்டிக்கு ஒன்றேகால் மணி நேரம் கிடைக்கிறது. குளிர்காலத்தில் நியூயார்க் மூடுவதே 2:30க்கு. மிச்சம் பதினைந்து நிமிடம்தான். ஆகவே நவம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை, பெரிய அமெரிக்க டெக் நிறுவனங்கள் முடிவு வெளியிடும் இரவுகளில், 2:45 விலையை நம்பிப் பயனில்லை. அந்தச் செய்தி விலையில் ஏறுவது காலை 6:30க்குத்தான்.

இப்போது கழித்தல் கணக்குக்கு வருவோம்.

சேனலில் ஓடும் எண் பெரும்பாலும் கிஃப்ட் நிஃப்டியின் இப்போதைய விலையிலிருந்து நிஃப்டியின் நேற்றைய மூடல் விலையைக் கழித்து வருவது. ஒன்று ஃப்யூச்சர்ஸ், மற்றது ஸ்பாட், அதாவது ரொக்கச் சந்தையின் குறியீடு. இரண்டுக்கும் நடுவில் இயல்பாகவே ஒரு பிரீமியம் உண்டு, ஏனென்றால் ஃப்யூச்சர்ஸ் வாங்குபவர் முழுப்பணத்தை இன்றைக்குப் போடவில்லை; ஒப்பந்தம் முடியும் நாளான எக்ஸ்பைரி வரைக்குமான வட்டி விலையில் சேர்ந்துவிடுகிறது. தோராயக் கணக்கு சுலபம்:

```
பிரீமியம் = ஸ்பாட் × வட்டி × மீதி நாள் / 365 − வரவிருக்கும் டிவிடெண்ட் புள்ளிகள்
```

ஸ்பாட் 24,530, வட்டி 6.5 சதவீதம், எக்ஸ்பைரிக்கு 19 நாள் என்று வைத்துக்கொண்டால், டிவிடெண்டை விட்டுவிட்டால் பிரீமியம் சுமார் 83 புள்ளி. அதாவது ராத்திரி முழுக்க உலகத்தில் ஒன்றுமே நடக்காவிட்டாலும் காலையில் சேனல் "83 புள்ளி உயர்வு" என்று காட்டும். மாதத் தொடக்கத்தில் இந்தப் பொய்யான உயர்வு பெரிதாக இருக்கும். எக்ஸ்பைரி நெருங்க நெருங்க கரைந்து பூஜ்ஜியத்துக்குப் போகும். "மாசக் கடைசியில் கிஃப்ட் நிஃப்டி சரியாச் சொல்லுது" என்று சிலர் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இரண்டாவது தவறு இன்னும் நுணுக்கமானது. நிஃப்டியின் அதிகாரபூர்வ மூடல் என்று மறுநாள் செய்தித்தாளில் வரும் எண், 3:30க்குத் திரையில் கடைசியாகத் தெரிந்த எண் அல்ல. நீண்டகாலமாக இருந்துவரும் முறைப்படி, ஒவ்வொரு பங்கின் மூடல் விலையும் கடைசி அரைமணி நேர வர்த்தகத்தின் எடையிட்ட சராசரி; குறியீட்டின் மூடல் அந்தச் சராசரிகளிலிருந்து வருகிறது. கடைசிப் பத்து நிமிடத்தில் சந்தை வேகமாக ஏறியிருந்தால், அதிகாரபூர்வ மூடல் அந்த ஏற்றத்தில் பாதியைக்கூடக் காட்டாது. கிஃப்ட் நிஃப்டியோ 3:30 நிலவரத்தை அப்படியே பிடித்துக்கொண்டு மேலே நிற்கும். மறுநாள் காலை "கேப்-அப்" என்று பேசப்படுவதில் ஒரு பகுதி நேற்றே நடந்து முடிந்த ஏற்றம்.

ஒரு நாளை எண்களோடு பிரித்துப் பார்க்கலாம். எண்கள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. நிஃப்டியின் அதிகாரபூர்வ மூடல் 24,500. ஆனால் 3:30க்குக் கடைசி டிக் 24,530. அந்த நொடியில் கிஃப்ட் நிஃப்டி 24,612, அதாவது 82 புள்ளி பிரீமியம். மேலே போட்ட கணக்கோடு ஒத்துப்போகிறது. மறுநாள் காலை 8:45க்கு கிஃப்ட் நிஃப்டி 24,650. சேனல் கணக்கில் 24,650 கழித்தல் 24,500, ஆக 150 புள்ளி உயர்வு. உண்மையில் இரவில் நடந்தது 24,650 கழித்தல் 24,612, வெறும் 38 புள்ளி. இதைக் கடைசி டிக்கோடு கூட்டினால் எதிர்பார்க்கும் தொடக்கம் 24,568. டெர்மினலில் அது 24,500க்கு எதிராக 68 புள்ளி உயர்வு என்று தெரியும். அதில் 30 நேற்றையது, 38 மட்டுமே புதியது. 150இல் மீதி 82 வட்டிக் கணக்கு.

```
இரவு நகர்வு = GIFT (8:45) − GIFT (முந்தைய நாள் 3:30)
எதிர்பார்க்கும் தொடக்கம் = NIFTY கடைசி டிக் + இரவு நகர்வு
```

இதற்கு வேண்டியது ஒரே ஒரு பழக்கம்: தினமும் மாலை சரியாக 3:30க்கு கிஃப்ட் நிஃப்டியையும் நிஃப்டியின் கடைசி டிக்கையும் ஒரு தாளிலோ ஷீட்டிலோ குறித்துவைப்பது. தவறவிட்டால் ஒரு நிமிட சார்ட்டில் 15:29 கேண்டிலின் மூடலை எடுத்துக்கொள்ளலாம். வலைத்தளங்கள் கிஃப்ட் நிஃப்டி பக்கத்திலேயே காட்டும் "மாற்றம்" என்ற எண்ணை எடுக்க வேண்டாம். ஒரு தளம் 3:40 மூடலிலிருந்து கழிக்கும், இன்னொன்று அதிகாலை 2:45 மூடலிலிருந்து கழிக்கும்; எது எதைச் செய்கிறது என்று பக்கத்தில் எழுதியிருக்காது. பிரீமியம் ஒவ்வொரு நாளும் நாலைந்து புள்ளி தானாகவே குறையும், வார இறுதியில் பதின்மூன்று புள்ளி வரை. திங்கட்கிழமை தவிர அதைக் கண்டுகொள்ளத் தேவையில்லை.

எக்ஸ்பைரிக்கு அடுத்த காலை மட்டும் விழிப்பு வேண்டும். என்எஸ்இயில் 2025 செப்டம்பர் முதல் மாத எக்ஸ்பைரி கடைசிச் செவ்வாய். புதன் காலை தளங்கள் புதிய மாத ஒப்பந்தத்துக்குத் தாவிவிடும். செவ்வாய் 3:30க்கு நீங்கள் குறித்தது பழைய மாதத்து விலை, அதில் பிரீமியம் பூஜ்ஜியம். புதன் காலை பார்ப்பதில் ஒரு மாதத்துப் பிரீமியம், நூறு புள்ளிக்கு மேல். இரண்டையும் கழித்தால் ஜோரான கேப்-அப் ஒன்று தெரியும், அது எங்கேயும் இல்லை. எக்ஸ்பைரி நாளன்று மாலையே அடுத்த மாத ஒப்பந்தத்தின் விலையைக் குறித்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

எத்தனை மணிக்குப் பார்ப்பது என்பதும் உண்டு. 6:30க்கு வரும் முதல் விலைகள் மெலிந்த வர்த்தகத்தில் வருபவை. டோக்கியோவும் சியோலும் நம் நேரப்படி 5:30க்கே திறந்துவிடுகின்றன, அதனால் ஜப்பானின் நிலவரம் 6:30 விலையிலேயே இருக்கும். ஹாங்காங்கும் ஷாங்காயும் திறப்பது 7:00க்கு. சீனச் செய்தி ஒன்று சூடாக இருக்கும் காலையில் 6:45 விலையும் 7:20 விலையும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இருக்கும். ஆகவே மூன்று தடவை போதும்: இரவு முடிந்த 2:45 விலை, 7:20 விலை, 8:45 விலை. மூன்றும் ஒரே திசையில் இருந்தால் தொடக்கத்தை நம்பலாம். இரவில் 120 புள்ளி மேலே போய்விட்டு 8:45க்கு 40இல் நிற்பதும், இரவெல்லாம் சும்மா இருந்துவிட்டு 40க்கு ஏறியிருப்பதும் ஒரே எண்தான். ஆனால் முதலாவதில் யாரோ ஆசிய நேரத்தில் விற்றுக்கொண்டிருக்கிறார்கள், அந்த விற்பனை ஒன்பது மணிக்குள் முடிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இங்கேயே இன்னொரு வழக்கமான பிழையைச் சொல்லிவிடலாம். "டவ் 300 புள்ளி விழுந்திருக்கு, கிஃப்ட் நிஃப்டியும் 60 விழுந்திருக்கு, அப்போ 100க்கு மேல விழும்" என்று இரண்டையும் கூட்டுவார்கள். டவ் விழுந்தது ஏற்கனவே அந்த 60க்குள் இருக்கிறது. அது மட்டுமல்ல, டவ்வின் வீழ்ச்சியில் ஒரு பங்கு நம் சந்தை திறந்திருக்கும்போதே அமெரிக்க ஃப்யூச்சர்ஸில் நடந்து, 3:30க்கு முன்பே நிஃப்டியில் ஏறியிருக்கலாம். அமெரிக்காவைப் பார்க்கத்தான் வேண்டுமென்றால் எஸ் அண்ட் பி 500 ஃப்யூச்சர்ஸை நம் 3:30க்கும் மறுநாள் 8:45க்கும் இடையில் அளக்க வேண்டும். அது கிஃப்ட் நிஃப்டி சொல்வதைச் சரிபார்க்கத்தான், கூட்டிக்கொள்ள அல்ல. அமெரிக்கா நன்றாக விழுந்தும் கிஃப்ட் நிஃப்டி அசையவில்லை என்றால், ஒன்று இந்தியாவுக்கென்று தனியாக ஏதோ நல்ல செய்தி இருக்கிறது, இல்லை அது இன்னும் விழப்போகிறது. எது என்று 7:20 விலை பெரும்பாலும் காட்டிவிடும்.

குறியீடு எங்கே திறக்கும் என்பது இவ்வளவில் வந்துவிட்டது. ஆனால் வாட்ச்லிஸ்டில் குறியீடு இல்லை, பங்குகள் இருக்கின்றன. 38 புள்ளியை, அதாவது 0.15 சதவீதத்தை, பன்னிரண்டு பங்குகளுக்கு எப்படிப் பிரிப்பது?

பொதுவாகக் கிடைக்கும் பீட்டா இதற்கு உதவாது. அது மூடலிலிருந்து மூடல் வரையிலான நகர்வில் கணக்கிட்டது. நமக்கு வேண்டியது தொடக்க நகர்வின் பீட்டா மட்டும்: நிஃப்டி ஒரு சதவீதம் கேப் ஆனால் இந்தப் பங்கு எவ்வளவு கேப் ஆகிறது. கடந்த 60 வர்த்தக நாட்களுக்கு ஒரு ஷீட்டில் நிஃப்டியின் தொடக்க கேப் சதவீதத்தை C பத்தியிலும் பங்கின் தொடக்க கேப் சதவீதத்தை D பத்தியிலும் போட்டுவிட்டு,

```
=SLOPE(D2:D61, C2:C61)
```

என்று கேட்டால் வந்துவிடும். அதற்கு முன்னால், அந்தப் பங்கு காலாண்டு முடிவு வெளியிட்ட மறுநாளையும், எக்ஸ்-டிவிடெண்ட், போனஸ், ஸ்ப்ளிட் நாட்களையும் நீக்கிவிட வேண்டும். அப்படி ஒரே ஒரு நாள் உள்ளே இருந்தாலும் விடை கெட்டுப்போகும். பெரும்பாலான நாட்களில் நிஃப்டியின் கேப்பே மிகச் சிறியது என்பதால் இந்த எண்ணில் இரைச்சல் அதிகம். 1.37 என்று வந்தால் "ஒன்றரைக்குப் பக்கம்" என்று எடுத்துக்கொள்வது நேர்மை. உலோகப் பங்குகளும் வெளிநாட்டார் அதிகம் வைத்திருக்கும் தனியார் வங்கிகளும் ஒன்றுக்கு மேலே வரும். மருந்தும் நுகர்பொருளும் கீழே வரும்.

எதிர்பார்க்கும் இரவு நகர்வு 0.2 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் இந்தப் பிரிப்பு வேலையே வேண்டாம். 24,500இல் அது 50 புள்ளிக்குள். அந்த நாட்களில் பங்குகளின் சொந்தச் செய்திதான் தொடக்கத்தைத் தீர்மானிக்கும். பீட்டாவைப் பெருக்கிப் பெறும் எண் அலங்காரம்தான்.

பெரிய நகர்வு இருக்கும் காலையைப் பார்ப்போம். கிஃப்ட் நிஃப்டி 0.9 சதவீதம் கீழே. வாட்ச்லிஸ்டில் ஒரு தனியார் வங்கி (தொடக்க பீட்டா 1.1), ஒரு எஃகு நிறுவனம் (1.5), ஒரு மருந்து நிறுவனம் (0.3), அப்புறம் இன்ஃபோசிஸ். முதல் மூன்றுக்கும் எதிர்பார்ப்பு முறையே 1.0, 1.35, 0.3 சதவீத வீழ்ச்சி. இன்ஃபோசிஸுக்கு பீட்டா தேவையில்லை, ஏனென்றால் அதன் ஏடிஆர், அதாவது அதன் பங்குகளுக்கு ஈடாக அமெரிக்காவில் டாலரில் வர்த்தகமாகும் பத்திரம், நியூயார்க்கில் இரவு முழுக்க வர்த்தகமாகியிருக்கிறது. விப்ரோ, எச்டிஎஃப்சி வங்கி, ஐசிஐசிஐ வங்கி, டாக்டர் ரெட்டீஸ் ஆகியவற்றுக்கும் அப்படியே.

ஆனால் ஏடிஆரிலும் அதே கழித்தல் தவறு காத்திருக்கிறது. திரையில் "இன்ஃபோசிஸ் ஏடிஆர் 2.5 சதவீதம் சரிவு" என்று இருக்கும். அது முந்தைய நியூயார்க் மூடலுக்கு எதிரான சரிவு. அந்த மூடலுக்குப் பிறகு மும்பையில் ஒரு முழு நாள் வர்த்தகம் நடந்திருக்கிறது. மும்பையில் பகலில் இன்ஃபோசிஸ் ஏற்கனவே 2 சதவீதம் விழுந்திருந்தால், புதிய சரிவு அரை சதவீதம்தான். ஏடிஆர் விலையை ரூபாய்க்கு மாற்றி, விகிதத்தால் வகுத்து, என்எஸ்இயின் கடைசி விலையோடு ஒப்பிடுவதே சரி. இன்ஃபோசிஸுக்கும் விப்ரோவுக்கும் ஒரு ஏடிஆர் ஒரு பங்கு. ஐசிஐசிஐ வங்கிக்கு இரண்டு, எச்டிஎஃப்சி வங்கிக்கு மூன்று. அப்படி ஒப்பிட்டாலும் ஏடிஆர் வழக்கமாகவே சற்றுப் பிரீமியத்தில் இருக்கக்கூடும் என்பதால், இன்றைய பிரீமியத்தைக் கடந்த சில வாரங்களின் பிரீமியத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். மாறியிருக்கும் பகுதிதான் செய்தி. சில நேரம் அதுவும் செய்தி இல்லை: 2025 டிசம்பர் 19 அன்று இன்ஃபோசிஸ் ஏடிஆர் காரணமே தெரியாமல் பல பத்து சதவீதம் எகிறி, வர்த்தகம் தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. மும்பையில் அடுத்த வர்த்தக நாள் அதன் எதிரொலி சில சதவீதத்தோடு முடிந்துபோனது.

ஒன்பது மணிக்கு ப்ரீ-ஓப்பன் தொடங்குகிறது. 9:00 முதல் 9:08 வரை ஆர்டர்கள் சேர்கின்றன. கடைசி நிமிடத்தில் ஏதோ ஒரு நொடியில் கதவு மூடும், எந்த நொடி என்று முன்கூட்டித் தெரியாது. அதிக எண்ணிக்கையில் பங்குகள் கைமாறக்கூடிய விலை எதுவோ அதுவே தொடக்க விலை. 9:12 வரை பொருத்தும் வேலை, பிறகு மூன்று நிமிடம் சும்மா. 2025 டிசம்பர் 8 முதல் ஃப்யூச்சர்ஸுக்கும் ப்ரீ-ஓப்பன் வந்துவிட்டது. முதல் சில நிமிடங்களில் தெரியும் விலைகளை நம்ப வேண்டாம். ஆர்டரை ரத்து செய்யலாம், மாற்றலாம் என்பதால் 9:02க்கு ஒரு பங்கு நாலு சதவீதம் மேலே காட்டிவிட்டு 9:07க்கு அரை சதவீதத்தில் வந்து நிற்பது சாதாரணம்.

9:08க்கு உண்மையான தொடக்க விலைகள் வந்துவிடும். அந்த நொடியோடு கிஃப்ட் நிஃப்டியின் கணிப்பு வேலை முடிந்தது. ஆனால் இந்தக் காலை வேலையில் மிகப் பயனுள்ள ஐந்து நிமிடம் இப்போதுதான் ஆரம்பிக்கிறது, அதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். எதிர்பார்த்ததையும் வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கழிக்க வேண்டும். மேலே சொன்ன காலையில் வங்கி 0.9 கீழே, எதிர்பார்ப்பு 1.0, ஒன்றும் இல்லை. மருந்து 0.3 கீழே, ஒன்றும் இல்லை. எஃகு நிறுவனம் 0.4 மட்டுமே கீழே, எதிர்பார்த்ததோ 1.35. திரையில் அது சிவப்பாகத்தான் தெரியும், வங்கியைப் போலவே. ஆனால் சந்தையின் பங்கைக் கழித்துவிட்டால் ஏறத்தாழ ஒரு சதவீதம் மேலே திறந்திருக்கிறது. யாரோ ப்ரீ-ஓப்பனில் அதை வாங்கியிருக்கிறார்கள். சீனாவில் எஃகு விலை, இறக்குமதி வரி, ஒரு தரகு நிறுவனத்தின் அறிக்கை என்று காரணம் தேட வேண்டிய பங்கு அது ஒன்றுதான். எதிர்பார்ப்பை முன்கூட்டி எழுதிவைக்காதவர் கண்ணில் இது படாது. அவருக்கு அன்று எல்லாமே "கேப்-டவுன்".

வந்ததிலிருந்து எதிர்பார்த்ததைக் கழித்த மிச்சம் எவ்வளவு இருந்தால் பொருட்படுத்துவது? ஒவ்வொரு பங்கின் 60 நாள் மிச்சங்களின் திட்ட விலக்கத்தைக் கணக்கிட்டு, அதன் இரண்டு மடங்குக்கு மேல் போனால் மட்டும் குறித்துக்கொள்ளலாம். வருஷத்தில் சில நாட்கள் எக்ஸ்-டிவிடெண்டால் வரும் மிச்சத்தை மட்டும் முதலில் தள்ளிவிட வேண்டும். ஒரு சதவீத டிவிடெண்ட் தரும் பங்கு அந்தக் காலை ஒரு சதவீதம் கீழே திறப்பது பலவீனம் அல்ல. இந்த டிவிடெண்ட் நிஃப்டியையும் சில புள்ளிகள் இழுக்கும். ஃப்யூச்சர்ஸ் அதை ஏற்கனவே விலையில் கழித்து வைத்திருக்கும் என்பதால், பெரிய நிறுவனம் எக்ஸ்-டிவிடெண்ட் ஆகும் நாளில் ஸ்பாட் நம் கணக்கைவிடப் பத்துப் புள்ளி குறைவாகத் திறந்தால் அதிசயமில்லை.

காலையில் ஒன்பது மணிக்கு முன்பே செய்துவிடக்கூடிய இன்னொரு காரியம், குறித்த விலையைத் தொட்டால் தானாகப் போகும்படி முன்கூட்டியே போட்டுவைத்த ஜிடிடி ஆர்டர்களைப் பார்ப்பது. 520ஐத் தாண்டினால் வாங்கு, லிமிட் 522 என்று போட்டு மறந்திருப்பீர்கள். எதிர்பார்க்கும் தொடக்கம் 530 என்று கணக்கு சொல்கிறது. ட்ரிகர் ஆகும், 522க்கு வாங்கும் ஆர்டர் போகும், 530இல் இருக்கும் பங்கு உங்களுக்குக் கிடைக்காது. அதைவிட மோசம், அந்த ஆர்டர் அப்படியே நிற்கும். பங்கு மேலே நிலைக்க முடியாமல் திரும்பி 522க்கு வரும்போதுதான் உங்களுக்கு வாங்கிக் கொடுக்கும். நீங்கள் விரும்பாத நாளில் மட்டும் நிறைவேறும் ஆர்டர் அது. விற்பனைப் பக்கத்தில் ஆபத்து நேரடியானது: ட்ரிகர் 480, லிமிட் 478 என்று ஸ்டாப் வைத்த பங்கு 470இல் திறந்தால், ஸ்டாப் ட்ரிகர் ஆகியும் விற்காமல் பங்கு கையில் இருக்கும். எதிர்பார்க்கும் தொடக்கம் ட்ரிகருக்கு அந்தப் பக்கம் விழும் பங்குகளை 8:50க்கே பிரித்தெடுத்து, ரத்து செய்வதா, லிமிட்டை நகர்த்துவதா என்று முடிவெடுத்துவிட வேண்டும்.

இந்த முறை எங்கே உடைகிறது என்றால், பெரிய அதிர்ச்சி நாட்களில். 2025 ஏப்ரல் 7, திங்கள். அமெரிக்க இறக்குமதி வரி அறிவிப்புக்குப் பின் உலகச் சந்தைகள் சரிந்த வாரம். வெள்ளிக்கிழமை 22,904.45இல் மூடிய நிஃப்டி 21,758.40இல் திறந்தது, 1,146 புள்ளி, சரியாக ஐந்து சதவீதம். இப்படிப்பட்ட காலையில் பீட்டாவுக்கு அர்த்தம் இல்லை. மருந்து, நுகர்பொருள் என்று எல்லாமே சேர்ந்து விழும், ஏனென்றால் விற்பவர் பங்கைப் பார்த்து விற்கவில்லை, பணம் வேண்டி விற்கிறார். ஒன்றரை, இரண்டு சதவீதத்துக்கு மேல் கிஃப்ட் நிஃப்டி நகர்ந்திருந்தால் 60 நாள் கணக்கை மூடிவைத்துவிட்டு 9:08 விலைகளுக்குக் காத்திருப்பது நல்லது.

அதே நாள் இன்னொன்றையும் காட்டுகிறது. தொடக்கம் 21,758, அன்றைய அடிமட்டம் 21,743.65, மூடல் 22,161.60. விழுந்ததெல்லாம் இரவிலேயே விழுந்து முடிந்தது. பகலில் சந்தை 400 புள்ளி ஏறியது. ஐந்து வாரம் கழித்து, மே 12 அன்று, எல்லையில் சண்டை நிறுத்தம் அறிவிக்கப்பட்ட வார இறுதிக்குப் பின், 24,008இல் மூடியிருந்த நிஃப்டி 24,420.10இல் திறந்தது. 412 புள்ளி கேப். அன்று மூடல் 24,924.70, தொடக்கத்துக்கு மேலும் 500 புள்ளி. முதல் நாளில் கேப்பின் திசைக்கு எதிராகப் பகல் போனது, இரண்டாவது நாளில் அதே திசையில் போனது. 8:45க்கு இரவு ஃப்யூச்சர்ஸைப் பார்த்தவருக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வழியில்லை. 9:15 எங்கே என்று அது சொல்லும்; 9:30ஐப் பற்றி அதனிடம் தகவல் இல்லை.

விடுமுறைக்குப் பிந்தைய காலையில் 3:30 விலை எந்த நாளுடையது என்று ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள். நம் ரொக்கச் சந்தை மூடியிருக்கும் சில விடுமுறைகளில் கிஃப்ட் நிஃப்டி ஓடும். அப்போது அடிப்படை, ரொக்கச் சந்தை கடைசியாக வேலை செய்த நாளின் 3:30 விலை. நேற்றைய கிஃப்ட் நிஃப்டி மூடலை அடிப்படையாக வைத்தால் இரண்டு நாள் நகர்வில் ஒரு நாள் காணாமல் போய்விடும். ஏடிஆருக்கும் இதே விதி. அது கடைசி மும்பை விலைக்கு எதிராக இரண்டு நியூயார்க் அமர்வுகளைச் சுமந்துகொண்டு நிற்கும், திரை ஒன்றை மட்டுமே காட்டும்.